ஒரு கிலோவாட் போதும் என்று எழுதினேன்: பிரேக்கிங் ரெசிஸ்டர் கணக்கில் கற்றது

மின் இயக்கிகள் தாளில் அந்தக் கேள்விக்குப் பதினைந்து மதிப்பெண். எனக்குக் கிடைத்தது ஆறு. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எல்லா எண்களும் சரியாக வந்து, கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தவறாக விழுந்தது. பிறகு நடந்த வாய்மொழித் தேர்விலும் தேர்வாளர் அதே கணக்கைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார். இந்தப் பாடத்தைப் படிப்பவர்களுக்கு அந்த ஒரு கணக்கையே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

கேள்வி இது. நிமிடத்துக்கு 490 சுற்று வேகத்தில் ஓடும் ஒரு கனமான டிரம். அதன் நிலைமத் திருப்புத்திறன் 450 கிகி·மீ². அதை 1470 சுற்று வேக, 30 கிலோவாட் மோட்டார் ஒன்று 3:1 பெல்ட் வழியாக ஓட்டுகிறது. மோட்டாருக்கு முன்னால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 400 வோல்ட் டிரைவ். டிரம்மை 60 வினாடியில் நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி நிறுத்தப்படும். டிரைவின் பிரேக் சாப்பர் 750 வோல்ட்டில் வேலை செய்யும், 800 வோல்ட்டில் ஓவர்வோல்டேஜ் டிரிப் ஆகும், 20 ஓமுக்குக் குறைவான ரெசிஸ்டரை இணைக்கக் கூடாது. ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்கவும், மின்சாரத்தை லைனுக்கே திருப்பி அனுப்பும் ரீஜெனரேட்டிவ் முறை மேலானதா என்றும் கூறவும்.

முதலில் ஆற்றல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். டிரைவ் அலைவெண்ணைக் குறைத்ததும், ரோட்டரின் வேகம் காந்தப்புலத்தின் வேகத்தை விட அதிகமாகிவிடுகிறது. அந்த வேக வேறுபாடான ஸ்லிப் எதிர்மறையாகிறது, மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. அது உண்டாக்கும் மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக, டிரைவின் நடுவே நேர்மின்சாரம் ஓடும் டிசி பஸ்ஸுக்கு வந்து சேரும். அங்கிருந்து லைனுக்குப் போக வழியில்லை. உள்ளே வரும் பக்கத்தில் இருப்பது டயோடு ரெக்டிஃபையர், அது ஒருவழிக் கதவு. மிச்சமிருப்பது பஸ் கெப்பாசிட்டர் மட்டும்தான்.

அது எவ்வளவு தாங்கும் என்று நான் தேர்வில் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் பாதிப் பாடம் அங்கேயே விளங்கியிருக்கும். பஸ்ஸில் 2000 மைக்ரோஃபேரட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரணமாக 540 வோல்ட்டில் இருக்கும் பஸ் 800 வோல்ட் ஏறுவதற்குள் அது வாங்கிக்கொள்ளும் ஆற்றல் ஏறக்குறைய 350 ஜூல். டிரம்மில் இருப்பதோ 5,93,000 ஜூல். நிறுத்தும் கட்டளை விழுந்து 20 மில்லிவினாடி ஆவதற்குள் பஸ் நிரம்பி டிரிப் ஆகிவிடும். டிரிப் ஆனதும் இன்வெர்ட்டர் கையை விட்டுவிடும். டிரம் தன் போக்கில் பல நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும். வேகமாக நிறுத்தக் கேட்டால் நிற்கவே நிற்காத வேடிக்கை இப்படித்தான் வருகிறது. இதைத் தவிர்க்கத்தான் பஸ் 750 வோல்ட்டைத் தொட்டதும் சாப்பர் என்ற சுவிட்ச் ரெசிஸ்டரை பஸ்ஸோடு இணைத்து, வரும் ஆற்றலை வெப்பமாக எரிக்கிறது.

இனி கணக்கு. முதல் படியிலேயே பலர் சறுக்குவது பெல்ட் விகிதத்தில். டிரம்மின் நிலைமத்தை மோட்டார் பக்கத்துக்குக் கொண்டுவர விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்; அதாவது மூன்றால் அல்ல, ஒன்பதால்.

```
J = 450 / 3² = 50 kg·m²
ω = 2π × 1470 / 60 = 154 rad/s
E = ½ × 50 × 154² ≈ 593 kJ
T = 50 × 154 / 60 ≈ 128 N·m
Pmax = 128.3 × 154 ≈ 19.8 kW
```

இதில் ஐயம் வந்தால் டிரம் பக்கத்தில் 450-ஐயும் அதன் 51.3 ரேடியன் வேகத்தையும் வைத்து ஆற்றலை மறுபடி போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதே 593 கிலோஜூல் வர வேண்டும். பெல்ட்டின் எந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் ஆற்றல் ஒன்றுதான். என் பக்கத்து மேசை நண்பர் மூன்றால் வகுத்து மூன்று மடங்கு ஆற்றலை வரவழைத்தார். இந்த அரை நிமிடச் சோதனை அவரைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்து, மோட்டாரால் முடியுமா என்ற கேள்வி. 30 கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை முறுக்குவிசை 195 நியூட்டன் மீட்டர். நமக்குத் தேவை 128. தாராளம். இதே டிரம்மை 20 வினாடியில் நிறுத்தச் சொல்லியிருந்தால் 385 தேவைப்பட்டிருக்கும், அதாவது முழுச்சுமையைப் போல இரண்டு மடங்கு. ஒன்றரை மடங்கு வரை மட்டுமே தரும் டிரைவில் எவ்வளவு பெரிய ரெசிஸ்டர் மாட்டினாலும் அது நடக்காது. ரெசிஸ்டரைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

ஓம் மதிப்பு எளிது. மோட்டார் இழப்பு போக உச்சத்தில் பஸ்ஸுக்கு வருவது சுமார் 18.2 கிலோவாட். 750 வோல்ட்டில் அவ்வளவையும் எரிக்க வேண்டுமானால் ரெசிஸ்டர் 31 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. சாப்பரின் ஐஜிபிடி தாங்க வேண்டுமானால் 20 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. இடையில் 27 ஓம் எடுத்தேன். சாப்பர் முழு நேரமும் மின்சாரத்தை விட்டால் 20.8 கிலோவாட், ஏறக்குறைய 28 ஆம்பியர். தொடக்கத்தில் அது 87 சதவீத நேரம் மின்சாரத்தை விடும். வேகம் இறங்க இறங்க அந்த விகிதமும் இறங்கும். இதுவரை என் தாளில் எல்லாம் சரி.

பிறகுதான் வாட். ஒருமுறை நிறுத்தும்போது ரெசிஸ்டருக்குள் இறங்குவது 545 கிலோஜூல். அதை 600 வினாடியால் வகுத்தால் 910 வாட். உடனே "27 ஓம், 1 கிலோவாட், 10 சதவீத டியூட்டி" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். உச்சம் 18 கிலோவாட் என்றாலும் பத்தில் ஒரு பங்கு நேரம்தானே ஓடுகிறது என்பது என் நியாயம்.

வாய்மொழித் தேர்வில் அவர் கேட்டது: "பத்து சதவீதம் என்றால் எதில் பத்து சதவீதம்?"

நான் விழித்தேன். ரெசிஸ்டர் அட்டவணைகளில் டியூட்டி என்ற எண்ணோடு ஒரு சுழற்சி நேரமும் இருக்கும். பெரும்பாலும் அடிக்குறிப்பில், பலவற்றில் 120 வினாடி. அப்படியானால் 10 சதவீதம் என்பது தொடர்ச்சியாக 12 வினாடி, பிறகு 108 வினாடி ஆறுதல். என் டிரம் கேட்பது 60 வினாடி இடைவிடாத சூடு, பிறகு ஒன்பது நிமிட ஆறுதல். விகிதம் ஒன்றுதான், ஆனால் கம்பிக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒன்பது நிமிடம் ஆறலாம் என்பது அந்த ஒரு நிமிடத்தை அது தாண்டினால்தான்.

அவர் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். சிறிய ரெசிஸ்டரில் ஒரு கிலோ நிக்ரோம் கம்பி இருக்கிறது, ஒரு நிமிடத்தில் வெளியே போகும் வெப்பம் கொஞ்சம்தான் என்று வைத்தால், 545 கிலோஜூலை அந்தக் கம்பியேதான் விழுங்க வேண்டும். நிக்ரோமின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 450 ஜூல். வெப்ப உயர்வு 1200 டிகிரி வருகிறது, உருகுநிலைக்குப் பக்கத்தில். அதே ஆற்றலைப் பத்துக் கிலோ எஃகுப் பட்டைகள் கொண்ட கிரிட் ரெசிஸ்டருக்குக் கொடுத்தால் உயர்வு 110 டிகிரி அளவுதான். நிலைமம் பெரிதாகவும் நிறுத்தும் நேரம் நீளமாகவும் இருக்கும் சுமைக்கு ரெசிஸ்டர் வாங்குவது, உண்மையில் உலோகத்தின் எடையை வாங்குவது. எழுத வேண்டிய விடை இப்படி இருந்திருக்க வேண்டும்: 27 ஓம், ஒரு நிறுத்தத்துக்கு 545 கிலோஜூலை 60 வினாடியில் தாங்கக்கூடியது, சராசரி 910 வாட்டுக்கு மேல் தொடர்ந்து வெளியேற்றக்கூடியது. மூன்றும் சேர்ந்தால்தான் தேர்வு முழுமை. நான் இரண்டாவதை விட்டுவிட்டேன்.

ரீஜெனரேட்டிவ் பகுதிக்கு "ஆற்றல் மிச்சமாகும், எனவே மேலானது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்ததே அவருடைய தயவு. 545 கிலோஜூல் என்பது 0.15 யூனிட். மணிக்கு ஆறு நிறுத்தம் என்றால் 0.9 யூனிட், இருபத்துநான்கு மணி நேரம் ஓடினால் இழப்புகள் போக இருபது யூனிட் அளவில் திரும்பும். நாளுக்கு ஒருமுறை நிறுத்தும் இயந்திரமானால் 0.15 யூனிட்டுக்காக ஐஜிபிடி பாலமும் லைன் ரியாக்டரும் வைப்பது வீண். இன்னொன்றையும் எழுத வேண்டும்: திருப்பி அனுப்ப லைன் உயிரோடு இருக்க வேண்டும். நிறுத்தும் நடுவில் மின்சாரம் போனால் வாங்கிக்கொள்ள ஆளில்லை, டிரம் மறுபடி தன் போக்குக்குப் போய்விடும். கட்டாயம் நின்றே ஆக வேண்டிய இயந்திரத்தில் ரீஜெனரேட்டிவ் யூனிட் இருந்தாலும் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரையும் வைப்பது இதனால்தான்.

பிழை காணும் கேள்விகளும் இதிலிருந்து வரும். நிறுத்தக் கட்டளை விழுந்ததுமே ஓவர்வோல்டேஜ் டிரிப் ஆனால், ஓம் மதிப்பு கூடுதலாக இருக்கலாம், அல்லது சாப்பர் இயங்கவே இல்லை. வேகம் அதிகமாக இருக்கும் தொடக்கத்தில்தான் திறனும் உச்சம். முதல் சில நிறுத்தங்கள் ஒழுங்காக நடந்து, பிறகு ரெசிஸ்டர் மிஞ்சிச் சூடானால் திறக்கும் வெப்ப சுவிட்ச் திறந்தால் குறை ஓமில் இல்லை, வெப்பத் தாங்குதிறனில் இருக்கிறது. மூன்றாவது வகைப் பிழையை வேலைக்குப் போன பிறகு கண்ணால் பார்த்தேன். 60 வினாடி கொடுத்திருந்தும் இயந்திரம் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது, டிரிப் எதுவும் இல்லை. எல்லோரும் சாப்பரைச் சந்தேகித்தார்கள். கூண்டுக்கு மேல் கையை நீட்டிப் பார்த்தால் சூடே எழவில்லை. டிரைவில் ஓவர்வோல்டேஜ் கட்டுப்பாடு என்ற அமைப்பு இயக்கத்திலேயே இருந்தது. பஸ் வோல்டேஜ் சாப்பரின் எல்லையைத் தொடுவதற்கு முன்பே அது வேக இறக்கத்தை நிறுத்தி நிறுத்தி நீட்டிக்கொண்டிருந்தது. ரெசிஸ்டர் இணைத்தால் அதை அணைத்துவிட வேண்டும் என்று கையேட்டிலேயே இருந்தது. அணைத்தோம், அடுத்த முறை ஒரு நிமிடத்தில் நின்றது.

வாய்மொழித் தேர்வின் கடைசிக் கேள்வி வயரிங் பற்றியது. "ரெசிஸ்டரின் வெப்ப சுவிட்ச் திறந்தால் என்ன ஆகும்?" என்றார். டிரைவுக்கு ஸ்டாப் போகும் என்றேன். "சாப்பர் ஐஜிபிடி ஷார்ட் ஆகியிருந்தால்?"

அப்போதுதான் உறைத்தது. ஐஜிபிடி ஷார்ட் ஆனால் ரெசிஸ்டர் நேராக 540 வோல்ட் பஸ்ஸின் குறுக்கே உட்கார்ந்துவிடும். 27 ஓமில் அது 10.8 கிலோவாட், நிற்காமல். ஸ்டாப் கொடுத்தால் இன்வெர்ட்டர்தான் நிற்கும். டயோடு ரெக்டிஃபையர் பஸ்ஸுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும், ரெசிஸ்டர் சிவந்துகொண்டே போகும். உள்ளே வரும் மின்சாரத்தையே அறுத்தால்தான் உண்டு.

என் வரைபடத்தில் வெப்ப சுவிட்சின் கோடு டிரைவின் ஸ்டாப் முனையில் போய் நின்றிருந்தது. அதை அடித்துவிட்டு, மெயின் காண்டாக்டரின் காயில் வரை கோட்டை இழுத்துக் காட்டிய பிறகுதான் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.