மகளின் பரிசுப் பணம் என் கணக்கில் வருமானமாக ஏறிய கதை

மார்ச் மாதம் எதேச்சையாக என்னுடைய 26AS-ஐ, அதாவது என் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். சம்பளத்துக்குக் கீழே புதிதாக ஒரு பதிவு இருந்தது. தொழில்முறைக் கட்டணத்துக்கான 194J பிரிவு, தொகை 60,000, பிடித்த வரி 6,000. நான் யாருக்கும் எந்த ஆலோசனையும் சொல்லிப் பணம் வாங்கியதில்லை. கீழே இருந்த பெயரைப் பார்த்ததும்தான் புரிந்தது. 2024 டிசம்பரில் என் மகள் டேபிள் டென்னிஸில் ஜெயித்த ஓபன் போட்டியை நடத்தியவர்கள் அவர்கள். அவளுக்கு அப்போது 15 வயது.

தப்பு என்னுடையதுதான். பரிசு விண்ணப்பத்தில் பான் எண் கேட்டிருந்தது. அவளுக்கு பான் கிடையாது. மேசையில் இருந்தவர், "அப்பா பான் போதும் சார், எல்லாரும் அதைத்தான் தர்றாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். 54,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வந்ததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சரி, மைனர் பிள்ளையின் வருமானம் அப்பா அம்மா கணக்கில்தானே சேரும், அப்படியே இருக்கட்டும் என்று முதலில் நினைத்தேன். வழக்கமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் பையனும் அதையேதான் சொன்னான். என் வருமானம் 20 சதவீத வரம்பில் வருகிறது. 60,000-க்கு 12,000, அதன் மேல் செஸ் 480. பிடித்த 6,000 போக இன்னும் 6,480 நான் கட்ட வேண்டும் என்று கணக்கு காட்டினான்.

மனசு கேட்காமல் அலுவலக நண்பரின் ஆடிட்டரிடம் போனேன். வயதானவர். 64(1A) பிரிவைத் திருப்பி வைத்து, அதன் கீழே உள்ள விலக்கை விரலால் தொட்டுக் காட்டினார். மைனர் தன் உடல் உழைப்பாலோ, திறமை, சிறப்பு அறிவு ஆகியவற்றாலோ சம்பாதித்தது பெற்றோர் வருமானத்தோடு சேராது. "மட்டையைப் பிடிச்சது நீங்களா, அவளா?" என்று கேட்டார். அவளுக்கு வேறு வருமானம் இல்லை. அந்த நிதியாண்டில் புதிய முறையில் 3 லட்சம் வரை வரியே இல்லை. ஆக, நான் 6,480 கட்டுவதற்குப் பதில் அவளுக்கு 6,000 திரும்பி வர வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். இது 194J என்று விழுந்ததால் பிழைத்தோமாம். சில போட்டிக்காரர்கள் 194B என்று போட்டு 30 சதவீதம் பிடித்துவிடுகிறார்கள். அது லாட்டரி, சீட்டாட்டம், இன்ன பிற விளையாட்டு என்கிற கட்டம். அந்தக் கட்டத்து வருமானத்துக்கு அடிப்படை விலக்கே கிடையாது, ஒரு ரூபாயிலிருந்தே 30 சதவீதம். அவருடைய இன்னொரு கட்சிக்காரரின் மகன் சதுரங்கம் ஆடுகிறவன், அதில் மாட்டிக்கொண்டு இன்னும் வெளியே வரவில்லை. பணம் வந்த கையோடு பிரிவு எண்ணைப் பார்த்துவிடுங்கள். தப்பாக இருந்தால் அந்தக் காலாண்டு முடிவதற்குள் சண்டை போடுங்கள்.

இனி செய்ய வேண்டியது, மகளுக்கு பான் வாங்கி, போட்டி நடத்தியவர்களைக் கொண்டு டிடிஎஸ் கணக்கை அவள் பெயருக்கு மாற்ற வைப்பது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

ஆதாரை வைத்து உடனடியாக எடுக்கும் இ-பான் மைனர்களுக்குக் கிடையாது. 49A படிவத்தில், நான் பிரதிநிதியாகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தேன். திரும்பி வந்தது. காரணம், நம் ஊர் இனிஷியல். பான் படிவம் ஒற்றை எழுத்தை ஏற்காது, விரித்து எழுத வேண்டும். விரித்து எழுதினால் ஆதாரில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை. முதலில் ஆதாரில் பெயரை விரித்து, பிறகு பான் என்று இதற்கே ஐந்து வாரம் ஓடிவிட்டது. பிள்ளை மாவட்ட அளவில் ஆட ஆரம்பித்தவுடனே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பரிசு வந்த பிறகு ஓடினால் என்னைப் போலத்தான்.

போட்டி நடத்தியவர்களின் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் முறை கணக்காளர், "காலாண்டு முடிஞ்சுபோச்சு சார், ஃபைல் பண்ணதை மாத்த முடியாது" என்றார். முடியும். திருத்த அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் முறை ஆள் இல்லை. நடுவில் அந்தக் கணக்காளர் தொலைபேசியில் ஒரு யோசனை வேறு சொன்னார். வவுச்சரில் 'பரிசு' என்பதை 'கல்வி உதவித்தொகை' என்று மாற்றித் தருகிறேன், வரியே இருக்காது என்று. ஆடிட்டரிடம் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டார். 10(16)-இல் விலக்கு கிடைப்பது படிப்புச் செலவுக்காகத் தரும் தொகைக்கு. அதே ஆண்டு அவளுடைய பள்ளி, கட்டணத்துக்காக அவளுக்குக் கொடுத்த 25,000 அந்த வகை, அதற்கு ஒரு பைசா வரியில்லை. இறுதிப் போட்டியில் ஜெயித்ததற்குக் கொடுத்த காசோலை, மேலே என்ன பெயர் எழுதினாலும் பரிசுதான். அரசு நிறுவிய விருது என்றால் 10(17A) உண்டு, தனியார் போட்டிக்கு அது பொருந்தாது.

மூன்றாம் முறை கையில் கடிதத்தோடு போனேன். விதி 37BA(2)-இன்படி நான் தரும் உறுதிமொழி. அதில் நான்கே விஷயங்கள்: மகளின் பெயரும் முகவரியும், அவளுடைய பான், எந்தத் தேதியில் வந்த எந்தத் தொகை, ஏன் அது என் வருமானம் இல்லை. கடைசி விஷயத்துக்கு 64(1A) விலக்கைக் குறிப்பிட்டு இரண்டு வரி. பரிசளிப்புச் சான்றிதழ் நகலும் அவள் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் இணைப்பு. விதி எண்ணைப் பார்த்ததும் கணக்காளர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன். அந்தச் சீல்தான் பின்னால் நான்கு முறை நினைவூட்டக் கை கொடுத்தது.

ஜூலை கடைசியில் என் 26AS-இல் அந்தப் பதிவு மறைந்து, அவளுடையதில் வந்தது. அதுவரை என் ரிட்டர்னையும் போடாமல் நிறுத்தி வைத்திருந்தேன். அவள் பெயரில் ரிட்டர்ன் போடுவதற்காக, வருமான வரி போர்ட்டலில் என் லாகினிலிருந்து Authorised Partners வழியாக அவளுக்குப் பிரதிநிதியாகப் பதிந்துகொண்டேன். பிறப்புச் சான்றிதழ், இருவர் பான், அவ்வளவுதான். இதற்கு ஒப்புதல் வர சில நாள் ஆகும், கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள். நல்லவேளை, 2025-இல் கெடு செப்டம்பர் 16 வரை நீண்டது.

(நான் சொன்ன பிரிவு எண்களெல்லாம் 1961 சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், அதில் எண்கள் வேறு.)

அக்டோபரில் அவள் கணக்குக்கு 6,210 ரூபாய் வந்தது. 210 தாமதத்துக்கான வட்டி, மாதம் அரை சதவீதம் வீதம் ஏழு மாதத்துக்கு. ஆடிட்டருக்கு போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டுவிட்டு, "அந்த 210-ஐ அடுத்த வருஷம் உங்க கணக்குல காட்டிடுங்க" என்றார். வட்டி சம்பாதிக்கத் திறமை எதுவும் தேவையில்லை, அதனால் அது பெற்றோரிடம் சேருமாம். பரிசுப் பணத்தை அவள் பெயரில் வைப்புத் தொகையாகப் போட்டிருக்கிறேனே, அதன் வட்டியும் அப்படித்தானாம். ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டே என்று எங்கோ படித்ததை நம்பிக்கையோடு கேட்டேன். "பழைய முறையிலதான். நீங்க புதுசுல இருக்கீங்க" என்று வைத்துவிட்டார்.