குரோம் பதனிடல் கட்டுரையை pH என்ற ஒரே இழையில் எழுதுவது எப்படி

தொழிற்துறை வேதியியல் தாளில் தோல் பதனிடுதல் கேள்வியாக வந்தால், விடைகள் பெரும்பாலும் மூன்று துண்டுகளாகச் சிதறிவிடுகின்றன: டேனரியில் நடக்கும் படிகள், கொலாஜன் பிணைப்பு, கழிவுநீர் மாசு. மூன்றுக்கும் இடையே தொடர்பு சொல்லப்படுவதே இல்லை. உண்மையில் மூன்றையும் கட்டி நிறுத்துவது ஒன்றுதான்: மூன்றிணைதிற குரோமியம் pH உயர உயர எப்படி நடந்துகொள்கிறது என்பது. 2.8-இல் அது தோலுக்குள் ஊடுருவுகிறது, 3.8-இல் தோலோடு பிணைகிறது, 8.5-இல் நீரிலிருந்து வீழ்படிவாகிறது, இன்னும் மேலே போனால் சிக்கல் தொடங்குகிறது. கட்டுரையை இந்த ஏறுவரிசையில் எழுதினால் எதையும் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலில் மூலப்பொருள். டிரம்மில் போடுவது பேசிக் குரோமியம் சல்பேட், சுருக்கமாக பிசிஎஸ். இந்தப் பச்சைத் தூளில் சுமார் 25 சதவீதம் Cr₂O₃. காரத்தன்மை 33 சதவீதம். இந்த 33-ஐ விளக்காமல் விடாதீர்கள். குரோமியத்தின் மூன்று மின்னூட்டங்களில் ஒன்றை OH ஈடுகட்டுகிறது, மற்ற இரண்டை சல்பேட் ஈடுகட்டுகிறது என்பதே அதன் பொருள். அதாவது வாய்பாடு Cr(OH)SO₄. பின்னால் மறுசுழற்சிக் கணக்கில் இதே வாய்பாடு திரும்ப வரும்.

சுண்ணாம்பிட்டு, முடி நீக்கி, சுண்ணாம்பு கழுவிய தோல் அடுத்து பிக்கிள் என்ற உப்பு-அமிலக் குளியலுக்குப் போகிறது. உப்பு தோலின் எடையில் 6 முதல் 8 சதவீதம், நீர்த்த கந்தக அமிலம் சுமார் 1 சதவீதம், கூடவே கொஞ்சம் ஃபார்மிக் அமிலம். உப்பை முதலில் கரைத்த பிறகே அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் தோல் அமிலத்தில் உப்பிப் போகும். அந்த நார்கள் பிறகு பழைய நிலைக்கு வருவதில்லை. அமிலம் உள்வரை போய்விட்டதா என்று பார்க்க, தடிமனான இடத்தில் வெட்டி, வெட்டுமுகத்தில் புரோமோகிரசால் கிரீன் விடுவார்கள். முழுவதும் மஞ்சளாக இருந்தால் சரி. நடுவில் நீலக்கோடு தெரிந்தால் அங்கே pH இன்னும் அதிகம். குரோமியம் அந்த நடுப்பகுதிக்குப் போய்ச் சேருவதற்குள் வெளிப்புறத்திலேயே பிணைந்து நின்றுவிடும்.

pH ஏன் 2.8-க்குக் குறைக்கப்படுகிறது? கொலாஜனில் குரோமியம் பிணையும் இடம் அஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் தொகுதி. அதன் pKa நான்கை ஒட்டி இருக்கிறது. 2.8-இல் பெரும்பாலான தொகுதிகள் COOH வடிவில் இருப்பதால், குரோமியத்தோடு அணைவுப் பிணைப்பு கொள்வதில்லை. குரோமியம் தடையில்லாமல் உள்ளே போகிறது. ஊடுருவல் முடிந்தபின் சோடியம் பைகார்பனேட் கரைசலை மூன்று நான்கு தவணையாகச் சேர்த்து pH-ஐ 3.8 முதல் 4 வரை கொண்டுவருகிறார்கள். வெப்பநிலையும் 40 டிகிரியை நெருங்கும். இப்போது இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே நடக்கின்றன. கார்பாக்சில் தொகுதிகள் COO⁻ ஆகி, குரோமியத்தைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்கின்றன. அதேநேரத்தில் குரோமியம் அயனிகள் OH பாலங்களால் இணைந்து இரண்டு, மூன்று உலோக மையங்கள் கொண்ட பெரிய அணைவுகளாகின்றன. இதற்கு ஓலேஷன் என்று பெயர்.

இரண்டும் சேர்ந்து நடப்பதுதான் முக்கியம். அடுத்தடுத்த கொலாஜன் மூவிழைகளின் கார்பாக்சில்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒற்றைக் குரோமியம் எட்டாது. பாலமிட்ட பெரிய அணைவால்தான் முடியும். அந்தப் பிணைப்பு நிலைப்பதற்குக் காரணம் Cr(III)-இன் d³ அமைப்பு. மூன்று எலக்ட்ரான்களும் t₂g மட்டத்தில் இருப்பதால் ஈனி மாற்றம் மிக மெதுவாக நடக்கும். படிகாரத்தால் பதனிட்ட தோலை நீரில் ஊறவைத்தால் அலுமினியம் வெளியேறிவிடுகிறது, குரோமியம் வெளியேறுவதில்லை. கனிம வேதியியல் தாளில் படித்த மந்தத் தன்மையை இங்கே ஒரு வரியில் இணைத்துக் காட்டுங்கள். படிகளை மட்டும் ஒப்பிக்கும் விடையிலிருந்து உங்கள் விடை அங்கேதான் பிரிந்து தெரியும்.

ஓர் எச்சரிக்கை. பாடநூல் படத்தில் ஒவ்வொரு குரோமியமும் இரண்டு இழைகளைத் தைப்பதுபோல் வரைந்திருக்கும். நிஜத்தில் தோலில் உள்ள குரோமியத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு கார்பாக்சிலோடு மட்டும் பிணைந்திருக்கிறது. குறுக்குப் பிணைப்பாவது சிறு பங்கே. சல்பேட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. சல்பேட்டுக்குப் பதில் பெர்குளோரேட் உப்பால் பதனிட்டால் குரோமியம் பிணைந்தாலும் சுருக்க வெப்பநிலை அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஆகவே குரோமியமும் சல்பேட்டும் நீரும் மூவிழையைச் சுற்றிப் பூட்டிவைக்கும் கட்டமைப்பு என்று எழுதுவதே இன்றைய விளக்கத்துக்கு நெருக்கமானது. பதனிடாத தோலின் கொலாஜன் 60–65 டிகிரியில் சுருங்கும்; குரோம் தோல் 100-ஐத் தாண்டும். டேனரியில் இதற்கான சோதனை எளிமையானது. ஒரு துண்டை வெட்டி, அதன் விளிம்பைத் தாளில் வரைந்துகொண்டு, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து மறுபடி தாளின்மேல் வைப்பார்கள். வரைகோட்டுக்குள் சுருங்கியிருந்தால் பதனிடல் போதவில்லை.

இனி கணக்கு. 1000 கிலோ தோலுக்கு 8 சதவீதம், அதாவது 80 கிலோ பிசிஎஸ். அதில் Cr₂O₃ 20 கிலோ. 104/152-ஆல் பெருக்கினால் குரோமியம் சுமார் 13.7 கிலோ. வழக்கமான முறையில் 70 சதவீதம்தான் தோலில் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 4.1 கிலோ டிரம் நீரில் நிற்கிறது. நீர் 1000 லிட்டர் என்றால் லிட்டருக்கு 4.1 கிராம். வெளியேற்ற அனுமதி லிட்டருக்கு 2 மில்லிகிராம் மொத்தக் குரோமியம். இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம்! இந்த ஒரு கணக்கை எழுதினாலே கழிவுப் பகுதிக்கு வேறு முன்னுரை வேண்டாம்.

pH-ஐ இன்னும் உயர்த்தி மீதியையும் தோலில் ஏற்றிவிட்டால் என்ன என்ற கேள்வி வரும். நான்கைத் தாண்டி வேகமாக உயர்த்தினால் அணைவுகள் அளவுக்கு மீறிப் பெருத்து, தோலின் மேற்பரப்பிலேயே படிந்துவிடும். பச்சைத் திட்டுகள் விழும், மேல்பக்கம் சொரசொரப்பாகும். தண்ணீரைக் குறைத்தும், வெப்பத்தையும் நேரத்தையும் கூட்டியும் ஏற்றத்தை உயர்த்தலாம். ஆனால் எச்சம் முழுவதுமாகப் போகாது. அதனால்தான் மீட்பு தேவைப்படுகிறது.

மீட்புக்கு மெக்னீசியம் ஆக்சைடு பயன்படுகிறது. நார்களையும் கொழுப்பையும் வடிகட்டிய குரோம் நீரில் அதைச் சேர்த்து pH-ஐ 8 முதல் 8.5 வரை கொண்டுவர வேண்டும்.

2Cr³⁺ + 3MgO + 3H₂O → 2Cr(OH)₃ + 3Mg²⁺

4.1 கிலோ குரோமியம் என்பது சுமார் 79 மோல். அதற்கு 118 மோல் MgO, அதாவது 4.8 கிலோ. காரம் சேர்த்த நீரில் ஏற்கெனவே கொஞ்சம் OH இருப்பது தேவையைக் குறைக்கும். அமில மிச்சமும் MgO-இன் மெதுவான வினையும் கூட்டும். ஆகவே அளவை pH மீட்டர்தான் முடிவு செய்யும். ஓர் இரவு விட்டால் வீழ்படிவு அடியில் தங்கும். மேல்நீரை வடித்துவிட்டுக் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும்.

2Cr(OH)₃ + 2H₂SO₄ → 2Cr(OH)SO₄ + 4H₂O

79 மோலுக்கு 79 மோல் அமிலம், அதாவது 7.7 கிலோ. கிடைப்பது அதே 33 சதவீதக் காரத்தன்மை கொண்ட Cr(OH)SO₄. அளவில் 24 கிலோ பிசிஎஸ்ஸுக்குச் சமம். அடுத்த சுற்றில் 56 கிலோ புதியதோடு இதைக் கலந்தால் 80 கிலோ ஆகிவிடும்.

ஏன் எரிசோடாவோ சுண்ணாம்போ கூடாது என்பதற்கும் வேதியியல் காரணம் சொல்லுங்கள். எரிசோடா கை தவறி அதிகமானால் குரோமியம் ஹைட்ராக்சைடு [Cr(OH)₄]⁻ ஆகி மறுபடி கரையும், ஏனென்றால் அது ஈரியல்புள்ளது. அளவு சரியாக இருந்தாலும் வீழ்படிவு கூழ்போலப் பருத்து எளிதில் படியாது. சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் சல்பேட்டும் கூடவே வீழ்ந்து சேற்றைக் கெடுக்கும். அதை அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்துவது கடினம். MgO நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் pH அளவுமீறிப் பாயாது, மெக்னீசியம் சல்பேட் கரைசலிலேயே நின்றுவிடும், சேறு அடர்த்தியாகப் படியும். ஒரே நிபந்தனை, குரோம் நீர் தனிக் குழாயில் வர வேண்டும். சுண்ணாம்புத் தொட்டி நீரோடு கலந்துவிட்டால் மீட்பு போச்சு.

இதன் எல்லையையும் மறைக்காதீர்கள். மேல்நீரில் குரோமியம் குறைந்தாலும் பிக்கிள் உப்பு அப்படியே இருக்கிறது. பாலாற்றுப் படுகை நிலத்தையும் கிணறுகளையும் பற்றி எழுதும்போது குரோமியத்தோடு உப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது இந்த டேனரிகள் தொடர்பாகத்தான்.

கடைசியாக Cr(VI). டேனரி டிரம்மிலிருந்து வருவது Cr(III) தான். கழிவுநீர் முழுவதையும் புற்றுநோய் தரும் குரோமேட் என்று எழுதுவது தவறு. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் பழைய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலை டேனரிக் கழிவாக எழுதுவது அடிக்கடி காணும் பிழை. அது குரோமைட் தாதுவைச் சோடாவோடு காற்றில் வறுத்துக் குரோமேட் தயாரித்ததன் எச்சம். ஆனால் அந்த வினையின் நிபந்தனைகளான காரம், காற்று, சூடு மூன்றும் வேறோர் இடத்திலும் சேரக்கூடும். வெட் புளூ எனப்படும் குரோம் பதனிட்ட ஈரத் தோலைச் சீவும்போது விழும் ஷேவிங் தூளை எரித்தால், சாம்பலில் உள்ள சுண்ணாம்பின் துணையோடு Cr(III) ஆக்சிஜனேற்றமாகும். அந்தச் சாம்பலை நீரில் கலக்கி வடித்தால் மஞ்சள் நீர் வரும்; சோதிக்கும்போது அமிலமாக்கி டைஃபீனைல்கார்பசைடு சேர்த்தால் ஊதாவாகும். சோதனைக்கு எடுக்கும் மாதிரியை முன்கூட்டியே அமிலமாக்கி வைக்கக் கூடாது, கரிமப் பொருள்கள் அமிலத்தில் Cr(VI)-ஐ ஒடுக்கி அளவைக் குறைத்துக் காட்டும். ஆகவே ஷேவிங் தூளுக்கு எரிப்பு வழி அல்ல. தோல் அட்டை தயாரிப்புக்கோ, காரமும் நொதியும் கொண்டு புரதத்தைப் பிரித்தெடுப்பதற்கோ போகலாம், மிஞ்சுவது நீர்க்கசிவு தடுத்த நிலநிரப்பிடத்துக்குப் போக வேண்டும்.