ரெண்டே நிமிஷ வேலை

என் முதல் வாடிக்கையாளர் மெல்பர்னில் இருக்கிறார். சிறு தொழில் நடத்துபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். நான் திருச்சியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே விர்ச்சுவல் அசிஸ்டென்டாக வேலை செய்யலாம் என்று கிளம்பிய புதிது. மாதம் 24,000 ரூபாய், சுமார் 30 மணி நேரம், "அலுவலக வேலைகளில் உதவி" என்று மின்னஞ்சலிலேயே பேசி முடித்தோம். அந்த "உதவி" என்ற சொல்லுக்கு எல்லை எதுவும் எழுதாமல் விட்டது என் தப்பு.

இன்பாக்ஸ், காலண்டர், இன்வாய்ஸ், வாராந்திரச் செய்திமடல் என்று நாலே வேலையில்தான் ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் அவர் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் கடை தேடிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு இன்டர்நெட் பில்லில் ஏதோ கூடிவிட்டது என்று அந்தக் கம்பெனியின் சாட் வரிசையில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே ஐந்தரை. அக்டோபரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டால் நாலரை. "இந்நேரத்துல யாருக்குடி பதில் போட்டுக்கிட்டு இருக்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். "ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்பேன். அவரும் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அவர் மேல் கோபப்படுவதற்கு முன்னால் கணக்குப் பார்ப்போம் என்று தோன்றியது. கணக்கு அலுவலகப் புத்தி. இரண்டு வாரம், எந்த வேலையைத் தொட்டாலும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், யார் கேட்டது, எதற்கு என்று எக்செல்லில் எழுதினேன். மொத்தம் 34 மணி நேரம். மாதத்துக்கு 68. மணிக்கு 800 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு உண்மையில் கிடைத்தது 353. இதைவிட உறுத்திய விஷயம் இன்னொன்று. பேசிய நாலு வேலைக்கு 19 மணி நேரம்தான் போயிருந்தது. மீதி 15 மணி நேரமும் தூள் தூளாகக் கிடந்தது. அதில் 41 வரிகள் கால் மணி நேரத்தைத் தாண்டாதவை. பெரிய வேலை ஒன்று வந்திருந்தால் கேட்டிருப்பேன். இவையெல்லாம் கேட்கக் கூச்சப்படும் அளவுக்குச் சின்னவை.

கூலியை ஏற்றிக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். ஏற்றியிருந்தால் சின்ன வேலைகளும் கூடவே ஏறியிருக்கும். அதே 24,000-க்கு 24 மணி நேரம், பணம் மாதத் தொடக்கத்தில், அதற்குமேல் போனால் மணிக்கு 1,150 என்று எழுதி, அந்த இரண்டு வார எக்செல்லையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. போய்விட்டது வாடிக்கை என்றே முடிவு கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: "சரி, 24 மணி நேரத்தில் எதெல்லாம் அடங்கும்?" மாதம் இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு செய்யும் ஏற்பாட்டுக்கு ரீடெய்னர் என்று பெயர். என் ரீடெய்னர் பட்டியல் பிறந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

பட்டியல் எழுதும்போது ஒன்று புரிந்தது. வேலையின் பெயரை எழுதினால் போதாது, அது எங்கே முடிகிறது என்று எழுத வேண்டும். "இன்பாக்ஸைப் பார்த்துக்கொள்வது" என்பது வேலையே இல்லை, அடியில்லாத குடம். அதை இப்படி மாற்றினேன்: நாளுக்கு இரண்டு முறை திறப்பேன், வந்ததைப் பிரித்து வைப்பேன், ஏற்கெனவே எழுதி வைத்த பன்னிரண்டு மாதிரிப் பதில்களுக்குள் அடங்குவதற்கு நானே பதில் போடுவேன், அடங்காதது அவருக்கு. இன்வாய்ஸ் பணம் வரவில்லையென்றால் கெடு தாண்டிய ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தோராம் நாள் நினைவூட்டுவேன். நான்காவது முறை அவரே பேச வேண்டும். செய்திமடலுக்குப் புதன்கிழமைக்குள் எழுத்து வந்துவிட வேண்டும், திருத்தம் ஒரே சுற்று. முன்பு ஒரு காற்புள்ளிக்காக ஐந்து முறை போய்வந்த மடல்கள் உண்டு.

பட்டியலில் இல்லாததைக் கேட்டால் முடியாது என்று சொல்வதில்லை. மூன்று வரி பதில் மட்டும்: இதற்கு எவ்வளவு நேரம் ஆகும், இந்த மாதம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இதைச் செய்தால் எது தள்ளிப்போகும். ஒருமுறை கருத்தரங்குக்குப் பதிவு செய்த 140 பேரின் விவரம் இரண்டு கோப்புகளில் கிடந்தது, ஒன்றாக்கிக் கொடு என்றார். "இரண்டரை மணி நேரம் ஆகும். மிச்சம் நாலு மணி நேரம் இருக்கிறது. செய்தால் இந்த வாரச் செய்திமடலுக்கு நேரம் போதாது" என்று எழுதினேன். "அப்படியானால் வேண்டாம், ஒரு கோப்பே போதும்" என்று பத்து நிமிடத்தில் பதில். இப்படிக் கேட்கிற வேலைகளில் பாதி, நேரத்தை எழுதியதுமே வேண்டாததாகிவிடுகிறது. முன்பெல்லாம் அவற்றையும் செய்துகொண்டுதானே இருந்தேன்!

குறைந்தபட்சக் கணக்கு 15 நிமிடம் என்று வைத்ததில் முதலில் அவருக்கு வருத்தம். இரண்டு நிமிடக் கேள்விக்குக் கால் மணி நேரமா என்றார். ஆறு கேள்வியைச் சேர்த்து அனுப்பினாலும் அதே கால் மணி நேரம்தான் என்றேன். அப்புறம் வாட்ஸ்அப் தானாக அடங்கிப்போய், நாளுக்கு ஒரே மின்னஞ்சல் ஆயிற்று. மாதத்தில் 18 மணி நேரம் தொட்டதும் ஒரு குறிப்பு அனுப்பிவிடுவேன். கடைசி வாரத்தில் திடீரென்று நேரம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

மிச்ச நேரத்தில்தான் நன்றாக அடி வாங்கினேன். தாராளமாக, செலவாகாத நேரம் அடுத்த மாதத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தேன். அக்டோபரில் 6, நவம்பரில் 7 மிஞ்சியது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அலுவலகத்தை மூடுவதற்கு முன் 37 மணி நேரத்தையும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, எழுதிக் கொடுத்தது நான். அந்த நேரத்தை எல்லாம் ஏற்கெனவே இன்னொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் தூக்கமில்லை. இப்போது மூன்று மணி நேரம்தான் நகரும், அதுவும் அடுத்த ஒரே மாதத்துக்கு.

மணிக்கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கை பழகப் பழக, மூன்று மணி நேரம் எடுத்த செய்திமடல் ஒன்றே கால் மணி நேரத்தில் முடிய ஆரம்பித்தது. வேகமாகச் செய்தால் கணக்கில் நான்தான் இளைக்கிறேன். சில வாரம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மெதுவாகச் செய்தேன். அது பிடிக்கவில்லை. செய்திமடலை மணிக்கணக்கிலிருந்து எடுத்து, மடலுக்கு இவ்வளவு என்று தனி விலை வைத்தேன். என் தவறைத் திருத்தும் நேரத்தை எழுதுவதில்லை. அவர் புதிதாக வாங்கிய மென்பொருளைப் பழகும் நேரத்தை எழுதுகிறேன்.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அவரிடமிருந்து அழைப்பு. அம்மா கீழே விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றார். மூன்று வரி பதிலெல்லாம் எழுதவில்லை. அடுத்த வாரத்துக்கு இருந்த பதினொரு சந்திப்புகளையும் உட்கார்ந்து மாற்றினேன். மாதக் கடைசியில் டைம்ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். எழுதாமல் விட்டால் நான் நல்லவள் ஆவேன். அடுத்த சனிக்கிழமைக்கும் அதுவே வழக்கமாகிவிடும். இரண்டே முக்கால் மணி நேரம் என்று எழுதி, பக்கத்தில் "பட்டியலில் இல்லை" என்று போட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. ஏப்ரல் பணத்தோடு அதையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.