தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை

பெங்களூரில் எட்டுப் பள்ளிகள் ஆடும் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து லீகிற்கு அட்டவணை போடுவது என் வேலை. அணிகளில் பாதிப் பேர் அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால், பி.டி. மாஸ்டர்களோடு பேச்செல்லாம் தமிழில்தான்.

எட்டு அணிகள் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை மோத ஏழு சுற்று, 28 ஆட்டம். காகிதத்தில் ஏழு சனிக்கிழமை போதும். 2025-இல் எங்களுக்குக் கிரவுண்ட் கிடைத்தது ஜூலை 5 முதல் செப்டம்பர் 6 வரை, பத்து சனிக்கிழமை மதியங்கள். அதற்கு மேல் நீட்டவும் முடியாது. செப்டம்பரில் அரையாண்டுத் தேர்வு, பின்னாலேயே தசரா விடுமுறை.

பத்தில் ஏழு எடுப்பது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் தேர்வு திங்கள் முதல் வெள்ளி வரை என்றால், நமக்குப் பறிபோவது அதற்கு முந்தைய சனிக்கிழமை. “திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை சார், எந்த அம்மா அனுப்புவாங்க?” என்று ஒரு மாஸ்டர் கேட்டார். நியாயம்தான். தேர்வு முடிந்த மறுநாளோ, விளையாட வரச்சொன்னால் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வருவார்கள். அதனால் பள்ளிகளிடம் நான் கேட்பது தேர்வு தொடங்கும் தேதியைத்தான் முதலில்.

எங்களில் நான்கு பள்ளிகள் ஸ்டேட் சிலபஸ், நான்கு சி.பி.எஸ்.இ. இரண்டு பக்கத்துத் தேர்வும் ஒரே வாரத்தில் வராது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு ஜூலை 12, 19, அப்புறம் செப்டம்பர் 6 முடியாது. ஸ்டேட் பள்ளிகளுக்கு எஃப்.ஏ. தேர்வால் ஜூலை 26, ஆகஸ்ட் 2 முடியாது. ஆகஸ்ட் 16 யாருக்குமே ஆகாது. வெள்ளி சுதந்திர தினம், சனி கிருஷ்ண ஜெயந்தி, பாதி வீடுகள் ஊருக்குப் போய்விடும். எட்டுப் பள்ளியும் வரக்கூடிய சனிக்கிழமை என்று மிஞ்சியது நான்கே நான்கு.

வழக்கமான சுழற்சி முறையில் போட்டால் ஏழு சுற்றுக்கும் எட்டு அணிகளும் வேண்டும். மூன்று சுற்று அந்தரத்தில் நிற்கும். நான் சுற்றுகளைப் பிரித்துவிட்டேன். ஸ்டேட் அணி ஒவ்வொன்றும் சி.பி.எஸ்.இ. அணி ஒவ்வொன்றோடும் ஆடுவது 16 ஆட்டம். நாளுக்கு நான்காகச் சரியாக நான்கு நாள். எல்லாரும் வரும் ஜூலை 5, ஆகஸ்ட் 9, 23, 30 நான்கையும் அதற்கே ஒதுக்கினேன். ஸ்டேட் அணிகள் தங்களுக்குள் ஆடுவது ஆறு ஆட்டம், மூன்று நாள். சி.பி.எஸ்.இ.க்கும் அதே கணக்கு. ஒரு பக்கம் பரீட்சை எழுதும்போது மறுபக்கம் தன் உள்சுற்றை ஆடட்டும்.

ஸ்டேட்டுக்கு மூன்று நாளும் அமைந்துவிட்டன. சி.பி.எஸ்.இ.க்கு இரண்டுதான் கிடைத்தன. ஒரு சுற்று, அதாவது இரண்டே ஆட்டம், பாக்கி. அதை ஆகஸ்ட் 15 காலையில் வைத்தேன். கொடியேற்றத்துக்கு எப்படியும் பள்ளிக்கு வருகிறார்கள். மிட்டாய் வாங்கிய கையோடு ஒரு பள்ளியின் சொந்த மைதானத்திலேயே ஆடிவிட்டு ஊருக்குக் கிளம்பலாம்.

மழைதான் இதில் பலவீனமான இடம். உள்சுற்று ஆட்டம் நின்றால் நான்கு பள்ளிகள் பேசி ஒரு புதன்கிழமை மாலை முடித்துக்கொள்ளலாம். இரண்டு சிலபஸும் கலந்து ஆடும் நாள் மழையில் போனால் எட்டுப் பள்ளியின் நாட்காட்டியும் மறுபடி ஒத்துவர வேண்டும். உள்சுற்று சனிக்கிழமைகளில் கிரவுண்டில் இரண்டு ஆட்ட நேரம் சும்மா கிடக்கும், ஆனால் அது உதவாது, மறுபக்க அணி அன்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். எனவே மழை மாற்று நாளை முதலில் கொடுப்பது கலப்பு ஆட்டங்களுக்குத்தான்.

புள்ளிப்பட்டியல் வேறு ஒரு தலைவலி. ஜூலை 19 முடிந்தபோது ஸ்டேட் அணிகள் மூன்று ஆட்டம் ஆடியிருந்தன, சி.பி.எஸ்.இ. அணிகள் ஒன்றுதான். “என் பையன் டீம் ஏன் கடைசியில இருக்கு?” என்று பெற்றோர் போன்மேல் போன். ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை அணியின் பெயருக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போட்ட பிறகுதான் ஓய்ந்தது.

கடைசி நாள் செப்டம்பர் 6 ஸ்டேட் அணிகளுக்கு மட்டும். சி.பி.எஸ்.இ. அணிகள் ஆகஸ்ட் 30-இலேயே முடித்துவிடும். எத்தனை கோல் போட்டால் முந்தலாம் என்று ஸ்டேட் அணிகளுக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு சி.பி.எஸ்.இ. மாஸ்டர் இதைச் சரியாகப் பிடித்தார்: “எங்க பசங்க கைகட்டி உட்கார்ந்து பார்க்கணுமா?” நாளை மாற்ற வழியில்லை, விதியை மாற்றினோம். இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் கோல் வித்தியாசத்துக்கு முன் அவை நேருக்கு நேர் ஆடிய முடிவைப் பார்ப்பது என்று சீசனுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கலப்பு ஆட்டங்கள் எல்லாம் ஆகஸ்ட் 30-க்குள் முடிந்துவிடுவதால், அந்த முடிவு ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது; செப்டம்பர் 6-இல் யாரையாவது எட்டு கோல் அடித்து அதை மாற்ற முடியாது. நேருக்கு நேர் ஆட்டம் டிராவில் முடிந்திருந்தால் மட்டும் அவர் சொன்ன குறை அப்படியே நிற்கும்.