அம்மாவுக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிய கதை: சேலம் தெருவும் ஏற்காட்டுச் சரிவும்

அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடந்துவிடுவார், எழுந்து நிற்பார், இரண்டு படி இறங்குவார். தெருமுனை தாண்ட முடியாது, அவ்வளவுதான். எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம். காய் வாங்கவும் கோயிலுக்கும் அவரே போய் வர வேண்டும், ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போனால் ஏரிக்கரையில் ஒரு சுற்று வர வேண்டும், இதுதான் அவர் கேட்டது. இதே நிலையில் வீட்டில் யாராவது இருந்தால் பயன்படட்டும் என்று, வாங்கும்போது என்னென்ன பார்த்தோம் என்பதை எழுதுகிறேன்.

ஸ்கூட்டர் என்றதும் ரோட்டில் ஓடும் டூவீலரை நினைக்காதீர்கள், அதிகம் நடக்க முடியாதவர்கள் சீட்டில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் போகிற சின்ன பேட்டரி வண்டி இது. முதலில் பேட்டரி வீல்சேரா ஸ்கூட்டரா என்று முடிவு செய்ய வேண்டும். வீல்சேரில் ஜாய்ஸ்டிக் இருக்கும், ஒரு கை போதும், நின்ற இடத்திலேயே திரும்பும். ஸ்கூட்டருக்கு இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்ப வேண்டும், முதுகு நிமிர்ந்து தானாக உட்கார முடிய வேண்டும், ஏறி இறங்க நாலடி நடக்கத் தெரிய வேண்டும். அம்மாவுக்குத் தோளும் கையும் நன்றாக இருப்பதால் ஸ்கூட்டர் சரி. பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமானவர்களுக்கோ உட்காரும்போது ஒரு பக்கம் சாய்பவர்களுக்கோ இது வேண்டாம்.

அரசு மருத்துவமனைப் பக்கம் உள்ள சர்ஜிக்கல் கடைகளில் விசாரித்தேன், சாதாரண வீல்சேர்தான் கையிருப்பில் இருந்தது, ஸ்கூட்டர் என்றால் கேட்டலாக் காட்டி ஆர்டர் எடுக்கிறார்கள். ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நின்றதில் வெளியூர் விற்பனையாளர் ஒருவர் மூன்று வண்டிகளை வேனில் ஏற்றி வீட்டுக்கே கொண்டு வந்தார். ஒன்று மூன்று சக்கரம், ஒன்று நான்கு சக்கரம், இரண்டும் கழற்றி மாட்டுகிற வகை. மூன்றாவது லித்தியம் பேட்டரியோடு அப்படியே மடிகிற வண்டி.

எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேட்கலாம். நான்கு சக்கர வண்டிக்கு 18 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அதில் 12 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி இரண்டு இருக்கிறது, பெருக்கினால் மொத்தம் 288 வாட்-ஹவர். லெட் ஆசிட்டை அடிவரை வடியவிட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 200 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரோட்டில், நின்று நின்று போவதில், கிலோமீட்டருக்கு 20 வாட்-ஹவர் ஆகும் என்று கணக்குப் போட்டேன், பத்து கிலோமீட்டர் வந்தது. ஓட்டிப் பார்த்ததிலும் கிட்டத்தட்ட அதுதான். அம்மாவின் தேவை போக வர மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, அதனால் பெரிய பேட்டரிக்குக் காசும் எடையும் கொடுக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், சார்ஜ் முள்ளை வண்டி நிற்கும்போது பார்த்து நம்பக்கூடாது. பழைய லெட் ஆசிட் பேட்டரி நிற்கையில் முழுசாகக் காட்டும், மேட்டில் ஏறும்போது சட்டென்று பாதிக்கு இறங்கும். ஏறும்போது காட்டுவதுதான் நிஜம்.

அடுத்தது திரும்பும் வட்டம், எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதில்தான். கேட்டலாக்கில் இருப்பது ஆரம். மூன்று சக்கரத்துக்கு 85 செ.மீ., நான்கு சக்கரத்துக்கு 120 செ.மீ. என்று போட்டிருந்தது. யு-டர்ன் அடிக்க அதை இரண்டால் பெருக்க வேண்டும், அதாவது 1.7 மீட்டர், 2.4 மீட்டர். அதுவும் சக்கரம் போகும் வட்டம் மட்டும்தான், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பருக்கும் கூடைக்கும் இன்னும் ஒரு சாண் வேண்டும். எங்கள் தெரு 12 அடி. பார்க்க அகலம்தான், ஆனால் இரண்டு பக்கமும் பைக் நின்றால் மிஞ்சுவது ஏழு அடி, மீட்டர் கணக்கில் 2.1. கேட்டுக்கு முன்னால் சாக்பீஸால் அந்த ஏழு அடிக்குக் கோடு போட்டுவிட்டு அம்மாவை ஓட்டச் சொன்னோம். மூன்று சக்கரம் ஒரே மூச்சில் திரும்பிவிட்டது. நான்கு சக்கரம் கோட்டைத் தாண்டியது, ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திருப்ப முடிந்தது. அம்மாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானமும் இருப்பதால் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது கஷ்டம். அந்த இடத்தில் மூன்று சக்கரம்தான் என்று நானும் அம்மாவும் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டோம்.

மாற வைத்தது ஏற்காடு. மலைமேல் சித்தி வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு சிமெண்ட் சரிவு இறங்குகிறது. சித்தப்பாவிடம் போனில் சொல்லி, ஒரு பலகையைச் சரிவில் படுக்க வைத்து, அதன்மேல் மொபைலை வைத்து லெவல் ஆப்பில் அளக்கச் சொன்னேன். 9 டிகிரி. இந்தச் சின்ன வண்டிகள் 6 முதல் 8 டிகிரி வரைக்கும்தான் ஏறும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. மோட்டார் இழுக்காது என்பது மட்டும் காரணமில்லை. ஏறும்போது ஆளின் எடை பின்னால் போகும், இறங்கிக்கொண்டே திருப்பினால் எடை முன்னால் ஒரு ஓரத்தில் விழும். மூன்று சக்கர வண்டியில் முன் ஓரத்தில் தாங்குவதற்குச் சக்கரமே கிடையாது, முக்காலியின் மூலையில் உட்கார்ந்தது மாதிரி சாயும். விற்பனையாளரையே உட்கார வைத்து எங்கள் போர்டிகோ சரிவில் மெதுவாகத் திருப்பச் சொன்னோம். மூன்று சக்கரத்தில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழுந்தது, நடை வேகத்துக்கே. நான்கு சக்கரம் அசையவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கண்ணு, தெருவுல ரெண்டு தடவ திருப்பிக்கறேன், இது வேண்டாம்" என்றார். அதோடு முடிந்தது. ஆனாலும் அந்த 9 டிகிரிச் சரிவில் நான்கு சக்கரத்தையும் ஓட்டுவதில்லை. அம்மா சித்தி கையைப் பிடித்து நடந்து இறங்குவார், வண்டியை ரோட்டில் மாட்டி வைப்போம்.

கேட்டுக்கு முன்னால் ஒரே மூச்சில் திருப்ப முடியாத பிரச்சினைக்கும் வழி கிடைத்தது. கார் வெளியே போன பிறகு போர்டிகோவில் ஒன்பது அடி இருக்கிறது, உள்ளேயே திருப்பி முகம் வெளியே பார்க்க நிறுத்திவிடுகிறோம். கார் நிற்கும் நாளில் அம்மா இறங்கிக்கொள்வார், நான் தள்ளித் திருப்புவேன்.

தள்ளுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பாதுகாப்பில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். ஹேண்டிலில் வண்டியை ஓட வைக்கும் லீவரை விட்டால் வண்டி தானாக நிற்கும், மோட்டாரில் மின்காந்த பிரேக் இருக்கிறது, பவர் போனால் அது பிடித்துக்கொள்ளும். பின்னால் ஒரு சின்ன கைப்பிடி உண்டு, வண்டியைக் கையால் தள்ள அதை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றுவார்கள். அதை மாற்றிவிட்டால் பிரேக்கே கிடையாது. சரிவில் ஆளை உட்கார வைத்துக்கொண்டு யாராவது உதவி செய்கிறேன் என்று அதைத் தொட்டால் வண்டி உருண்டுவிடும். எங்கள் வீட்டில் அதன்மேல் சிவப்பு டேப் சுற்றி, சமதளத்தில், அம்மா இறங்கிய பிறகு மட்டும் என்று பேரன் பேத்தி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று லீவரின் வகை. மடிகிற வண்டியில் விரலால் தன்பக்கம் இழுத்தால் ஓடுகிற மாதிரி இருந்தது. பயந்தால் மனுஷன் கையை இறுக்கிப் பிடிப்பான், அந்த லீவரில் இறுக்கினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். நாய் குறுக்கே வந்தபோது அம்மாவுக்கு அதுதான் நடந்தது, வேகத் திருகை ஆமைப் படத்தில் வைத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரலால் தள்ளுகிற லீவரில் பதறினால் விரல் விலகிவிடும், வண்டி நிற்கும். வாங்குபவரின் கையில் லீவரைக் கொடுத்து, எதிர்பாராத நேரத்தில் "நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள், கை என்ன செய்கிறது என்று உடனே தெரியும்.

காரில் ஏற்றுவது என் வேலை. வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை, தூக்க நான்தான். மடிகிற வண்டி பார்க்க அழகு, ஆனால் 25 கிலோவை ஒரே துண்டாக டிக்கியின் விளிம்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும், எனக்கு முடியவில்லை. நாங்கள் எடுத்தது மொத்தம் 43 கிலோ, ஆனால் நாலு துண்டாகப் பிரியும். மோட்டார் இருக்கும் பின்பகுதிதான் அதிகம், 15 கிலோ. அதனால் மொத்த எடையைக் கேட்காதீர்கள், எடை கூடின துண்டு எவ்வளவு என்று கேளுங்கள், தூக்கப் போகிறவரே தூக்கிப் பாருங்கள். அப்புறம், ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, பேட்டரிப் பெட்டி டிக்கியில் கட்டாமல் கிடந்தால் ஒவ்வொரு வளைவிலும் இங்கும் அங்கும் இடிக்கும். அதைப் பின்சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் வைத்துவிடுகிறேன்.

மலையில் ஏறினால் சார்ஜ் போய்விடாதா என்று பலர் கேட்கிறார்கள். அம்மாவும் வண்டியும் சேர்ந்து 113 கிலோ, பத்து மீட்டர் உயரம் ஏற மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து ஆறு ஏழு வாட்-ஹவர், சமதளத்தில் முந்நூறு நானூறு மீட்டர் ஓடுகிற அளவுதான். ஏரிக்கரையில் அது ஒரு விஷயமே இல்லை. நீளமான மேட்டில் மோட்டார் சூடாகி வண்டி தானாக நின்றுவிடுவதுதான் தொல்லை. நின்றால் சாவியை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள், பதறிப்போய் பின் கைப்பிடியை மாற்றிவிடாதீர்கள்.

வேகத்தடை பற்றிக் கொஞ்சம். இந்த வண்டிக்கு அடியில் ஆறு செ.மீ. இடைவெளிதான், எங்கள் தெருவில் ஒரு வேகத்தடையில் அடி தட்டுகிறது, அம்மா ஓரத்தில் தேய்ந்த பக்கமாக ஏறுகிறார். எதில் ஏறினாலும் நேராக ஏற வேண்டும், சாய்வாக ஏறினால் ஒரு சக்கரம் மட்டும் தூக்கும். காற்றில்லாத டயர் என்பதால் பஞ்சர் கிடையாது, ஆனால் குழி ரோட்டில் முதுகுக்குத் தெரியும், சீட்டில் ஒரு பஞ்சு மெத்தை போட்டிருக்கிறோம். வண்டி தாழ்வாக இருப்பதால் வேன், லாரி ஓட்டுபவர் கண்ணுக்குப் படாது, அதனால் சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு குச்சியில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருக்கிறது. மெயின் ரோட்டைத் தாண்ட அம்மா தனியாகப் போவதில்லை.

வீட்டு வாசலில் இரண்டு படி, 30 செ.மீ. சாய்தளம் போடலாமா என்று கேட்டோம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 3.6 மீட்டர் நீளம் வேண்டும், இடமில்லை. குட்டையாகப் போட்டால் வண்டி ஏறும் டிகிரியைத் தாண்டிவிடும். அதனால் வண்டி போர்டிகோவிலேயே இருக்கிறது, படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தோம், பக்கத்தில் சார்ஜுக்கு ஒரு பிளக் பாயிண்ட். ஓட்டி வந்த நாள் ராத்திரியே சார்ஜ் போட்டுவிட வேண்டும், லெட் ஆசிட் வடிந்தபடி கிடந்தால் கெட்டுவிடும். சேலத்து வெயிலில் பகலில் போடாமல், பேட்டரி ஆறின பிறகு படுக்கப் போகும்போது போடுகிறோம், காலையில் அம்மாவே பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு காய் வாங்கக் கிளம்பிவிடுகிறார்.