வலது கண்ணை மூடி இடது கண்ணைப் பழக்கிய கதை

என் மகளுக்கு மூன்றரை வயதிருக்கும்போது முதன்முதலாகக் கவனித்தேன். படப்புத்தகத்தை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கும்போது இடது கண் லேசாக மூக்குப் பக்கம் போகும். தூங்கி வழியும் நேரத்தில் அது இன்னும் நன்றாகத் தெரியும். மற்ற நேரங்களில் இரண்டு கண்ணும் நேராகத்தான் இருந்தன. வீட்டில் பெரியவர்கள், "வளர வளரச் சரியாயிடும்" என்றார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் எட்டு மாதம் போய்விட்டது.

நம்ப முடியாமல் போனது ஒரு விளையாட்டில். கண்ணாமூச்சி ஆடும்போது அவள் இடது கண்ணைக் கையால் மறைத்தேன், சிரித்துக்கொண்டே நின்றாள். வலது கண்ணை மறைத்ததும் என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மறைத்தேன். "எடும்மா, தெரியல" என்று அழ ஆரம்பித்தாள். வலது கண் மூடியிருக்கும்போது என் முகமே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கண் டாக்டரிடம் போனபோது அவளுக்கு நான்கு வயது இரண்டு மாதம். எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் வரைந்த அட்டை இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாக மறைத்து அதைக் காட்டினார்கள். வலது கண் 6/9. இடது கண் 6/36, அதாவது குறையில்லாத ஒரு கண் 36 மீட்டரில் அடையாளம் காணும் படத்தை அந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் காணும். இதில் ஒன்றைக் கவனித்தேன். படத்தைத் தனியாகக் காட்டினால் அவள் இன்னும் சிறியதையும் சொன்னாள், வரிசையாகக் காட்டினால் தடுமாறினாள். இப்படி மூளை பயன்படுத்தப் பழகாமல் பார்வை மங்கிக் கிடக்கும் கண்ணைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். அதன் குணமே அதுதானாம். பக்கத்தில் வேறு உருவங்கள் நெருக்கினால் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. தனித்தனிப் படமாகக் காட்டி எடுத்த அளவை நம்பக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு அதுவே காரணம்.

அன்றே கண்ணாடி எழுதித் தரவில்லை. பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மிகவும் நெகிழ்வானது. தூரப்பார்வைக் குறையான ப்ளஸ் பவர் இருந்தாலும், கண் தன் தசையை இறுக்கி லென்ஸை வளைத்துச் சமாளித்துவிடும், அதனால் சாதாரணமாகச் சோதித்தால் உண்மையான பவர் தெரியாது. அந்தத் தசையைத் தளர்த்த அட்ரோபின் களிம்பை மூன்று நாள் போட்டு அழைத்துவரச் சொன்னார். போட்டவுடன் கண்ணின் உள்மூலையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக உடம்பில் சேரும். முகம் சிவந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொன்னார். எங்களுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கண்பாவை மட்டும் பத்து நாளுக்கு விரிந்தே இருந்தது, வெயிலில் கண் கூசினாள்.

மூன்றாம் நாள் உண்மை வெளியே வந்தது: வலது கண்ணுக்கு +3, இடது கண்ணுக்கு +5.5. பாவை விரிந்திருக்கும்போதே விழித்திரையையும் பார்த்தார். மாறுகண் சில சமயம் கண்புரைக்கோ, விழித்திரையில் வளரும் கட்டிக்கோ முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் உள்ளே பார்க்காமல் யாரும் கண்ணாடி எழுதக்கூடாதாம். பாவைக்குள் வெள்ளையாகப் பளிச்சிட்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்றார்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கக் கண் முயலும்போது இரண்டு கண்ணும் தானாகவே உள்ளே திரும்பும், இரண்டு வேலையும் ஒரே கயிற்றில் கட்டியவை. அதிக ப்ளஸ் பவர் இருக்கும் குழந்தை எப்போதும் அதிகமாக முயல்வதால் ஒரு கண் அளவுக்கு மீறி உள்ளே போய்விடுகிறது. அப்போது மூளைக்கு இரண்டு வெவ்வேறு காட்சிகள் வருகின்றன. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியாமல் இருக்க, மூளை ஒரு கண்ணின் காட்சியைத் தள்ளிவைக்கிறது. என் மகளின் இடது கண்ணில் பவரும் அதிகம், காட்சியும் மங்கல், எனவே அது தள்ளப்பட்டது. பவரைத் தவிர அந்தக் கண்ணில் குறை எதுவும் இல்லை. அந்தக் கண்ணுக்கான மூளையின் பாதைதான் பழகாமல் கிடக்கிறது. ஹூபெல், வீஸல் என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துக் காட்டியது இதைத்தான். குட்டிப் பருவத்தில் மூடிய கண்ணை மூளை கைவிட்டது, வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாதை கெட்டுப்போகும் வயதும் அதைத் திருத்தக்கூடிய வயதும் கிட்டத்தட்ட ஒன்றே என்பது அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது.

முதலில் கண்ணாடி மட்டும், நான்கு மாதம், விழித்திருக்கும் நேரம் முழுக்க. நல்ல கண்ணை மூடிவைக்கும் ஒட்டு உடனே வேண்டாமா என்று நான் கேட்டேன். தெளிவான காட்சி கிடைத்தாலே சோம்பேறிக் கண் ஓரளவு தானாக முன்னேறும், அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு மீதிக்குத்தான் ஒட்டு என்றார். முதல் வாரம் கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இறுகிப் பழகிய தசை தளரும்வரை கண்ணாடி வழியே தூரம் மங்கலாகத்தான் தெரியுமாம். இரண்டாவது வாரத்தில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடி போட்டால் கண் நேராக நின்றது. ஆனால் குளிக்கக் கழற்றினால் முன்பைவிட அதிகமாக உள்ளே போனது. கண்ணாடிதான் கண்ணைக் கெடுக்கிறது என்று வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது, இரண்டு நாள் கண்ணாடி அலமாரியில் இருந்தது. டாக்டரிடம் போன் செய்து கேட்டேன். தெளிவாகப் பார்த்துப் பழகிய குழந்தை, கண்ணாடி இல்லாதபோதும் அதே தெளிவுக்காக மெனக்கெடுகிறது, அதனால் கண் உள்ளே போகிறது, கெடவில்லை என்றார். இந்தக் கட்டத்தில் கண்ணாடியை நிறுத்திவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லியிருந்தால் எங்களுக்கு அந்த இரண்டு நாளும் வீணாகியிருக்காது.

நான்கு மாதத்தில் இடது கண் 6/36இலிருந்து 6/18க்கு வந்தது. பிறகுதான் ஒட்டு. நல்ல கண்ணான வலது கண்ணின் மேல், தோலில் ஒட்டும் வகை, அதன்மேல் கண்ணாடி, தினமும் இரண்டு மணி நேரம். அதிக நேரம் போட்டால் சீக்கிரம் சரியாகாதா என்றதற்கு, இவளைப் போல நடுத்தர அளவில் இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன என்றார். பார்வை இன்னும் மோசமாக இருந்தால்தான் ஆறு மணி நேரம்.

எட்டு வாரம் கழித்துப் போனோம். 6/18. ஒரு வரிகூட முன்னேறவில்லை. டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. "உண்மையில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்குன்னு ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதிட்டு வாங்க" என்றார். எழுதினேன். நாள் ஒன்றுக்குச் சராசரி 50 நிமிடம். காலையில் நான் ஒட்டிவிட்டு வேலைக்குப் போவேன், பதினைந்து நிமிடத்தில் ஓரத்தைத் தூக்கிவிடுவாள். மூக்குப் பக்கம் ஒரு சின்ன இடுக்கு இருந்தால் போதும், தலையைத் திருப்பி அந்த வழியாக வலது கண்ணால் பார்த்துவிடுவாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தால் எட்டிப் பார்க்கிறாள் என்று பொருள். எனக்கு அது தெரியவில்லை. ஒட்டுக்குள் உணரியைப் பொருத்திச் செய்த ஆய்வில்கூட, சொன்ன நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் குழந்தைகள் ஒட்டியிருந்தார்களாம்.

எல்லாவற்றையும் மாற்றினோம். ஒட்டுவது மாலையில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வேண்டாம், இரண்டு ஒரு மணி நேரமாகப் பிரித்தோம். மணி கோர்ப்பது, புள்ளிகளை இணைத்துப் படம் வரைவது என்று கை ஓயாமல் வேலை. என்ன வேலை என்பதால் பார்வை கூடிவிடாது, ஒட்டை மறந்திருக்க அது உதவும், அவ்வளவுதான். தோல் சிவந்தபோது ஒட்டும் சாய்வைத் தினமும் மாற்றினோம், எடுக்கும் முன் வெதுவெதுப்பான ஈரத்துணியால் நனைத்தோம். தோல் தாங்கவே தாங்காத குழந்தைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதை மங்கலாக்கும் வழியும் இருக்கிறது.

அடுத்த எட்டு வாரத்தில் 6/12. அதற்கடுத்த நான்கு மாதத்தில் 6/9. ஒவ்வொரு முறையும் வலது கண்ணையும் அளந்தார்கள், மூடியே வைத்தால் நல்ல கண்ணும் சோம்பிப் போகலாம் என்பதால்.

அந்தக் காத்திருப்பு அறையில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். அவர் மகனுக்குப் பதினொரு வயது. மாறுகண் கிடையாது, இரண்டு கண்ணும் அழகாக நேராக நிற்கும். ஒரு கண்ணில் மட்டும் அதிக ப்ளஸ் பவர். வெளியே எதுவும் தெரியாததால் யாருமே அந்தக் கண்ணைத் தனியாகச் சோதிக்கவில்லை. பள்ளியில் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, 6/60. கண்ணாடியும் ஒட்டுமாக ஒரு வருடம் உழைத்து 6/24க்கு வந்திருந்தார்கள். ஏழு வயதுக்குப் பிறகும் பலன் உண்டு, ஆனால் மெதுவாக, குறைவாக. "உங்க பொண்ணுக்குக் கண் சாஞ்சதுனால கண்டுபிடிச்சீங்க" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஒட்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை, ஒரு மணி நேரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தோம். அப்படியும் நிறுத்திய நான்காவது மாதத்தில் 6/12க்குச் சரிந்தது. நிறுத்திய முதல் வருடத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆகுமாம். மறுபடி இரண்டு மாதம் ஒட்டி 6/9க்கு மீட்டோம். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை, கண்ணாடியிலேயே கண் நேராக நிற்கிறது. கண்ணாடி போட்டும் கண் சாய்ந்தே இருக்கும் குழந்தைகளுக்குத் தசையில் அறுவை செய்வார்கள். ஆனால் அது கண்ணை நேராக்குமே தவிர, சோம்பேறிக் கண்ணின் பார்வையைத் தராது. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒட்டு தனியாக உண்டு.

இப்போது அவளுக்கு ஏழு வயது. வலது 6/6, இடது 6/9. பெரிய ஈயின் படத்தைச் சிறப்புக் கண்ணாடியில் காட்டியபோது இறக்கை மேலே எழுந்து நிற்கிறது என்று கையால் பிடிக்கப் போனாள், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு அது அடையாளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். கடைசியாகப் போனபோது ஒன்றரை வயது தம்பியையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார், உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று. பாவையை விரித்து, அவன் என் மடியில் இருக்கும்போதே ஒளியை வீசிப் பவரை அளந்தார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கும் அளக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அந்த வயதுக்கு உரிய அளவுதான் இருந்தது. மூன்று வயதில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.