கேத வீட்டில் அழுகை

செப்டம்பர் 3

அப்பத்தா இன்று விடியற்காலையில் போய்விட்டார். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வந்து சேர வேண்டும் என்பதால், எடுப்பது நாளை மறுநாள். முன்பெல்லாம் எங்கள் சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். வெளியூர் மகன் வந்து சாம்பலைத்தான் பார்ப்பான். இப்போது ஐஸ் பெட்டி வந்துவிட்டதால் காத்திருக்க முடிகிறது. ஆனால் கண்ணாடி மூடிய பிறகு அப்பத்தாவின் முகத்தைத் தொட முடியவில்லை. கண்ணாடியில் பனி படியப் படிய, அத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.

ஆண்கள் பந்தலில் இருக்கிறார்கள். கேதத்துக்கு வருகிறவர் கையை நீட்டுகிறார். அப்பாவும் பெரியப்பாவும் அதைத் தொட்டுக்கொள்கிறார்கள். ஒரு சொல் பேசுவதில்லை. அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் துக்கம் அவ்வளவுதான்.

செப்டம்பர் 4

பெண்களின் துக்கத்துக்கு முறைகள் அதிகம். உறவுக்காரப் பெண்கள் தெருமுனையிலேயே கூந்தலை அவிழ்த்துக்கொண்டு, மாரில் அடித்தபடி வருகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து எதிர்கொள்ள வேண்டும். தோளோடு தோள் சேர்த்து, தலையோடு தலை முட்ட வட்டமாக உட்கார்ந்து அசைகிறார்கள். ஒருத்தி ஒப்பாரி எடுக்க, மற்றவர்கள் அடியின் கடைசி இழுப்பில் சேர்ந்துகொள்கிறார்கள். பாட்டு முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுக் காபி குடிக்கிறார்கள், மழை பெய்ததா என்று விசாரிக்கிறார்கள். அடுத்த கூட்டம் வந்தால் மறுபடியும் அழுகை. என்னோடு வேலை பார்க்கும் தோழி இதைப் பார்த்து, எல்லாம் நடிப்புதானே என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் ஓயாமல் யாராலும் அழ முடியாது. வருகிறவளின் அழுகைக்கு வீட்டுக்காரி துணை நிற்கிறாள், அவ்வளவுதான்.

மதியம் அத்தை எடுத்த ஒப்பாரியில் இரண்டு அடிகள் பந்தல்வரை கேட்டன.

"மாடிமேல் மாடி வைத்து மகராசன் வாழ்ந்திருக்க,
மூலையிலே பாய் விரித்து முடங்கினாயே தாயே!"

மகராசன் என்றது அப்பாவைத்தான். பந்தலில் அத்தனை பேரும் கேட்டார்கள். அப்பா தலை நிமிரவில்லை. பிறந்த வீட்டின் மேல் உள்ள குறையை ஒரு மகள் ஊரறியச் சொல்ல இதைவிட வேறு இடம் கிடையாது. ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதும் இல்லை.

செப்டம்பர் 5

காலையில் சித்தப்பா வந்தார். பங்காளிகள் வெள்ளைத் துணியை விதானமாகப் பிடித்து, சங்கும் சேகண்டியும் முன்னே செல்ல, நீர்மாலை எடுத்து வந்தார்கள். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி, அப்பத்தாவின் பிறந்த வீட்டார் கொண்டுவந்த கோடிச் சேலையைப் போர்த்தினார்கள். பேரன் பேத்திகள் நாங்கள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தோம். பேரப்பிள்ளைகளைக் கண்டு போனதால் இது கல்யாணச் சாவு என்றார்கள். வாய்க்கரிசி போடும்போதுதான் பெரியப்பா உடைந்து அழுதார். அந்த ஒரு நேரத்தில் ஆண் அழுதால் யாரும் குறை சொல்வதில்லை.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். கேத வீட்டில் "போய் வருகிறேன்" என்று சொல்லக் கூடாது.

செப்டம்பர் 6

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. பந்தி நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "மருமகள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லையே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருடம் அப்பத்தாவைப் புரட்டிப் படுக்க வைத்தது அம்மா. படுக்கைப் புண்ணைக் கழுவி மருந்து வைத்தது அம்மா. நேற்று முன்தினம் வட்டத்தில் உட்கார வேண்டிய நேரத்திலும், வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றது அம்மா. மருமகளின் அழுகையை மட்டும் ஊர் இவ்வளவு உற்றுப் பார்க்கிறது. அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி, கூடுதலாக அழுதால் வேஷம். பணிவிடை செய்த நாட்களுக்குச் சாட்சி இல்லை, ஏனென்றால் அப்போது பார்க்க யாரும் வரவில்லை.

இரவு அம்மாவிடம் கேட்டேன். "புண் வைத்த அன்றைக்கே அழுதுவிட்டேன்" என்றார்.

செப்டம்பர் 18

பதினாறாம் நாள், கருமாதி. கொள்ளி வைத்த பெரியப்பாவுக்கு அவருடைய மாமனார் வீட்டார் உருமா கட்டினார்கள். அதன் பிறகு மொய், கறிச் சாப்பாடு. இன்றோடு வாசலில் அழுவது முடிந்தது. இந்த வருடம் தீபாவளியும் பொங்கலும் எங்களுக்கு இல்லை.

அப்பத்தாவின் தண்டட்டியை அத்தையிடம் கொடுத்தார்கள். தாயின் காது நகை மகளுக்குத்தான். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் நிறுத்திக் கேட்டார். "மாடிப்படி ஏற முடியாமல்தானே அம்மாவைக் கீழே படுக்க வைத்தேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணே. பாடும்போது வந்துவிட்டது" என்றார் அத்தை. அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார்.